மூணு வாக்கியம், மூணு வேலை: ஒரு நன்கொடைக் கடிதத்தைத் திருத்திய கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு கடிதத்தைப் பத்தி மட்டும் பேசப் போறேன். தபால்ல போன கடிதம். கவருக்குள்ள வச்சு, ஸ்டாம்ப் ஒட்டி, போஸ்ட்மேன் கொண்டுபோய்க் கொடுத்த கடிதம். "இந்தக் காலத்துல யாருங்க கடிதம் அனுப்புறா?"ன்னு கேப்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். அதுக்கு எனக்குக் கிடைச்ச பதில் ரொம்ப எளிமையானது: "எங்ககிட்ட இருக்கறது விலாசம்தான்மா, போன் நம்பர் இல்லை."

சொன்னவங்க ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியை. அவங்களை டீச்சர்னே சொல்றேன். ஒரு மாவட்டத் தலைநகர்ல சின்னதா ஒரு அறக்கட்டளை நடத்துறாங்க. பேர் வேண்டாம். அரசு மருத்துவமனையில டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்களுக்கு வந்துபோற பயணச் செலவைக் கொடுக்கறதுதான் அவங்க வேலை. அவ்வளவுதான், வேற எதுவும் கிடையாது. பல வருஷமா பணம் கொடுத்தவங்க 640 பேரோட விலாசம் ஒரு நீளமான நோட்டுல இருக்கு. அதுல பாதிக்கு மேல கொடுக்கறதை நிறுத்திட்டாங்க. வருஷா வருஷம் எல்லாருக்கும் ஒரு கடிதம் போகும், பத்து பன்னிரண்டு பேர் பதில் போடுவாங்க. இந்த வருஷம் கையில இருந்த பணம் 14 நோயாளிகள்ல 11 பேருக்குத்தான் வரும்ங்கற நிலைமை. அந்தச் சமயத்துல எனக்குத் தெரிஞ்சவங்க மூலமா கடிதம் என்கிட்ட வந்துச்சு. நான் விளம்பர எழுத்து வேலையில இருக்கேன், ஆனா நான் எழுதறதெல்லாம் பெரும்பாலும் ஸ்கிரீனுக்கு. தாள்ல எழுதறது வேற மாதிரி வேலைன்னு இதுலதான் கத்துக்கிட்டேன்.

முதல்ல பழைய கடிதத்தைப் படிச்சுக் காட்டறேன். தொடக்கம் இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம். எங்கள் அறக்கட்டளை கடந்த பல ஆண்டுகளாக சிறுநீரக நோயாளிகளின் நலனுக்காகத் தன்னலமற்ற சேவை புரிந்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள்."

நடுவுல ரெண்டு பத்தி தள்ளி:

"எனவே தாங்கள் தங்களால் இயன்ற நன்கொடையை வழங்கி எங்கள் பணி தொடர உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கையெழுத்துக்குக் கீழே:

"பி.கு: நன்கொடைகளுக்கு 80ஜி பிரிவின் கீழ் வருமான வரிச் சலுகை உண்டு."

பிழை ஒண்ணும் இல்லை, மரியாதையாவும் இருக்கு. ஆனா இந்த மூணு இடத்தையும் தனித்தனியா எடுத்துப் பாருங்க. மூணுமே அறக்கட்டளையைப் பத்தித்தான் பேசுது. நாங்க நல்லவங்க, எங்களுக்கு உதவுங்க, எங்களுக்கு வரிச்சலுகை அங்கீகாரம் இருக்கு. படிக்கிறவருக்கு என்ன தெரியணும்னு பார்த்தா, யாருக்குப் பணம், எவ்வளவு, எப்போ, கொடுத்தா என்ன நடக்கும், இது எதுவுமே இல்லை. ஒரு கடிதத்துல எல்லாரும் கண்டிப்பா பார்க்கற இடம் இந்த மூணுதான். மூணுலயும் ஒரே ஆள் உக்காந்துட்டு இருந்தா மத்த வேலையை யார் பார்க்கறது?

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட போன்ல ஒரு மணி நேரம் பேசினேன். கடிதத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கல. ஒரு நோயாளிக்கு ஒரு நாள் எப்படிப் போகும், அதை மட்டும் சொல்லச் சொன்னேன். அவங்க சொன்னது இது.

ஒருத்தர், கடிதத்துல செல்வம்னு பேரை மாத்தி வச்சோம், கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துல இருக்கார். வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். காலை ஏழு மணி ஷிஃப்ட். அதுக்கு 5.10 பஸ்ஸைப் பிடிக்கணும். மெஷின்ல நாலு மணி நேரம். அவருக்கு அப்புறம் அதே மெஷினுக்கு அடுத்த ஆள் காத்துட்டு இருப்பார், அதனால லேட்டா போனா அவரோட நேரம்தான் குறையும், இல்லைன்னா அன்னைக்கு இல்லவே இல்லை. முடிச்சுட்டு வெளிய வரும்போது தலை சுத்தும், நிக்க முடியாது. அதனால கூட ஒரு ஆள் வரணும். ஆஸ்பத்திரியிலேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வேணும்.

டயாலிசிஸுக்குக் காசு கிடையாது. அரசு மருத்துவமனை, காப்பீட்டுத் திட்டம் இருக்கு. ஆனா பஸ்ஸுக்கு? ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு முப்பது ரூபாய். ரெண்டு பேர், போக வர: 120. ஆட்டோ 80. ஆக ஒரு நாளைக்கு 200. மாசத்துக்கு எட்டு நாள், 1,600 ரூபாய். கூலி வேலைக்குப் போக முடியாத ஒரு வீட்டுல, கூட வர்ற ஆளும் அன்னைக்குக் கூலியை விட்டுட்டு வர்ற வீட்டுல, இந்த 1,600 இல்லாததால வெள்ளிக்கிழமையை விட்டுடறாங்க. ஒரு தடவை விட்டா உடம்புல தண்ணி சேரும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். அப்புறம் அவசர சிகிச்சைக்கு ஓடணும்.

இதைச் சொல்லிட்டு டீச்சர் சும்மா பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னாங்க: "டயாலிசிஸ் இலவசம்மா, பஸ்ஸுதான் இலவசம் இல்லை." எனக்குச் சட்டுன்னு பேனா எடுக்கத் தோணுச்சு. நல்ல வரி எப்பவும் நாம எழுதறதுல இருக்காது, அவங்க பேசறதுல இருக்கும். சரி, இதுதான் நம்ம முதல் வரின்னு முடிவு பண்ணிட்டேன். தப்பான முடிவு. ஏன்னு வர்றேன்.

முதல் வரியோட வேலை என்ன? ரெண்டாவது வரியைப் படிக்க வைக்கறது. அது மட்டும்தான். பணம் கேக்கறது அதோட வேலை இல்லை. அறக்கட்டளையை அறிமுகம் பண்றதும் இல்லை, ஏன்னா லெட்டர்ஹெட்லயே பேர் பெருசா இருக்கு. நான் எழுதி அடிச்ச வரிகள் சிலதைச் சொல்றேன்.

"சிறுநீரகம் செயலிழந்தால் என்ன ஆகும் தெரியுமா?" கேள்வியில ஆரம்பிச்சா ஆர்வம் வரும்னு ஒரு பழக்கம் நமக்கு. ஆனா இந்தக் கேள்விக்குப் படிக்கிறவர் மனசுல "தெரியும்"னு பதில் வந்துடும். கேள்வி முடிஞ்சு போச்சு, கடிதமும் முடிஞ்சு போச்சு. இல்லைன்னா பயம் வரும். படிக்கிறவங்கள்ல நிறைய பேர் அறுபது வயசுக்கு மேல. காலையில தபாலைப் பிரிச்சு இந்த வரியைப் பார்த்தா மடிச்சு வச்சுடுவாங்க.

"நீங்கள் ஒரு உயிரைக் காப்பாற்ற முடியும்." இதை எத்தனை இடத்துல பார்த்திருப்போம்? எந்த நோட்டீஸ்ல வேணும்னாலும் போடலாம். இந்தக் கடிதத்துக்கு மட்டும் பொருந்தற வரி இல்லை அது.

அப்புறம் டீச்சரோட வரி. "டயாலிசிஸ் இலவசம். பஸ் இலவசமில்லை." நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முதல்லயே வச்சுப் படிச்சுப் பார்த்தப்போ ஒரு விஷயம் புரிஞ்சுது. இது ஒரு பதில். எதுக்குப் பணம் வேணும்ங்கற கேள்விக்கான பதில். கேள்வியே இன்னும் வராத இடத்துல பதிலை வச்சா அது ஏதோ கோஷம் மாதிரி நிக்குது, அடுத்த வரிக்குத் தள்ளல. இதே வரியை, படிக்கிறவருக்குச் செல்வம் யாருன்னு தெரிஞ்ச பிறகு, பணம் கேக்கற இடத்துக்கு ஒரு வரி முன்னாடி வச்சா, அங்க அதுக்கு வேலை இருக்கு.

கடைசியில முதல் வரி இப்படி வந்துச்சு:

"செவ்வாயும் வெள்ளியும் காலை 5.10 பஸ்ஸை செல்வம் தவறவிடக் கூடாது."

இதுல நோய் இல்லை, பணம் இல்லை, அறக்கட்டளை இல்லை. ஒரு ஆள், ஒரு பஸ், ஒரு நேரம். ஏன் கூடாது? அந்த "ஏன்"தான் ரெண்டாவது வரிக்கு இழுக்குது. பஸ்ஸைத் தவறவிடற பதட்டம் எல்லாருக்கும் தெரியும், யாரும் விளக்க வேண்டாம். 5.10ங்கறது முக்கியம். "அதிகாலை பஸ்"னு எழுதியிருந்தேன் முதல்ல. டீச்சர்தான், "அதிகாலைன்னு ஒரு பஸ் கிடையாதும்மா, அஞ்சு பத்துதான்"னாங்க.

ஒரு பெரிய உதாரணம் சொல்லிட்டு நகர்றேன். அமெரிக்காவுல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்க மார்ட்டின் கான்ராய்னு ஒருத்தர் எழுபதுகள்ல ஒரு கடிதம் எழுதினார். இருபது வருஷத்துக்கு மேல அதையே அனுப்பிட்டு இருந்தாங்க. அது பத்திரிகையைப் பத்தி ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ஒரே கல்லூரியில படிச்ச ரெண்டு இளைஞர்கள், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்ப சந்திக்கறாங்கன்னு ஒரு கதையா ஆரம்பிக்கும். ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சுக்கப் போனா நீங்க நடுப்பக்கத்துல இருப்பீங்க. சந்தா விலை அப்புறமாத்தான் வரும். முதல் வரி முதல் வரியோட வேலையை மட்டும் பார்த்துச்சு.

அடுத்து ஆஃபர். இந்த வார்த்தையை நன்கொடைக் கடிதத்துல சொன்னதும் டீச்சருக்குக் கொஞ்சம் கோபம் வந்துச்சு. "ஆடித் தள்ளுபடியா பண்றோம் நாம?"ன்னாங்க. இல்லை. தபால் கடிதத் தொழில்ல ஆஃபர்னா தள்ளுபடி மட்டும் இல்லை. நீங்க இதைக் கொடுத்தா இது நடக்கும், இப்படிக் கொடுக்கலாம், இதுக்குள்ள கொடுக்கணும்ங்கற மொத்தப் பேச்சுதான் ஆஃபர். நன்கொடைன்னாலும் கொடுக்கறவர் ஒண்ணை வாங்கறார். அவர் வாங்கறது என்னன்னு சொல்லணும்.

"தங்களால் இயன்ற நன்கொடை"யில என்ன பிரச்சினைன்னா, அது பணிவு மாதிரி தெரியும், ஆனா கணக்குப் போடற வேலையைப் படிக்கிறவர் தலையில போடுது. எவ்வளவு கொடுத்தா மரியாதையா இருக்கும்? 500 கொடுத்தா குறைச்சலா? 5,000 கொடுத்தா அடுத்த வருஷமும் எதிர்பார்ப்பாங்களா? இதை யோசிக்கணும்னாலே "அப்புறம் பாத்துக்கலாம்"னு கடிதம் ஃபிரிட்ஜ் மேல போயிடும். ஃபிரிட்ஜ் மேல போன கடிதம் திரும்பி வராது.

புதுசா எழுதினது இது:

"டயாலிசிஸ் இலவசம். பஸ் இலவசமில்லை. செல்வமும் அவருடன் வருபவரும் ஒருநாள் வந்துபோக ₹200 ஆகிறது. மாதம் எட்டு நாள். ₹1,600 நீங்கள் அனுப்பினால், ஒருவர் ஒரு மாதம் ஒரு டயாலிசிஸைக்கூட விடாமல் வந்துபோகலாம். ₹800 என்றால் இரண்டு வாரம். ₹4,800 என்றால் மூன்று மாதம்."

இதுல நாங்க சண்டை போட்ட ரெண்டு இடம் உண்டு. முதல்ல, "ஒரு டயாலிசிஸைக்கூட விடாமல்"ங்கறதுக்கு டீச்சர் ஒத்துக்கல. "பஸ் ஸ்டிரைக் வந்தா? அவருக்கே காய்ச்சல் வந்தா? நம்ம வாக்கு கொடுக்க முடியாது." சரிதான். நடக்கும்னு நிச்சயமா சொல்ல முடியாததை ஆஃபர்ல சொல்லக் கூடாது. "பஸ் காசில்லை என்று ஒரு டயாலிசிஸையும் விட வேண்டியிருக்காது"ன்னு மாத்தினோம். எனக்கு முதல் வரிதான் காதுக்கு நல்லா இருந்துச்சு, ஆனா ரெண்டாவதுதான் உண்மை.

ரெண்டாவது: "மூணு பேருக்குத்தான் குறையுது. அதுக்கு மேல வந்தா என்ன பண்ணுவோம்?" இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. கொடுக்கறவங்க யோசிப்பாங்க. அதனால ஒரு வரி சேர்த்தோம்: "இந்த மாதத் தேவைக்கு மேல் வரும் தொகை, அதே நோயாளிகளின் அடுத்த மாதங்களுக்கு வைக்கப்படும்."

இன்னொரு கேள்வியும் வரும்னு டீச்சரே சொன்னாங்க: பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே? டவுன் பஸ்ல சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு அது சரி. ஊர்விட்டு ஊர் போற பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கணும். அதை "வெளியூர் பஸ்"னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு நகர்ந்தோம். முதல்ல நான் அதுக்கு ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். யாரும் கேக்காத இடத்துல சமாதானம் சொன்னா சந்தேகம்தான் வரும்.

பணம் அனுப்பற வழியும் ஆஃபர்ல சேர்ந்ததுதான். க்யூஆர் கோடு, வங்கிக் கணக்கு எண், செக் வைக்க எங்க விலாசம் அச்சடிச்ச கவர், தொகைக்கு நேரா டிக் பண்ண ஒரு அரைப்பக்கப் படிவம். இந்தப் படிவத்தைப் பலர் கண்டுக்க மாட்டாங்க, ஆனா கடிதத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் படிவத்தை மட்டும் எடுத்து வச்சுக்கறவங்க உண்டு. அதனால படிவத்துலயும் "ஒருவர், ஒரு மாதம், டயாலிசிஸ் பயணம், ₹1,600"னு முழுசா இருக்கணும்.

எடையைப் பத்தி ஒரு வார்த்தை. சாதாரணத் தபால் 20 கிராம் வரைக்கும் அஞ்சு ரூபாய். ஒரு ஏ4 தாள் அஞ்சு கிராம், அரைத்தாள் ரெண்டரை, ரெண்டு கவரும் சேர்ந்து ஒன்பது பத்து. பதினேழு கிராம்கிட்ட வந்துடுச்சு. டீச்சர் பளபளப்பா ஒரு கலர் பிரவுஷர் வைக்கணும்னு ஆசைப்பட்டாங்க. வச்சா 20 தாண்டும், 640 கவருக்கும் இன்னொரு அஞ்சு ரூபாய். அதாவது ரெண்டு நோயாளிகளோட ஒரு மாசச் செலவு. இந்தக் கணக்கைச் சொன்னதும் பிரவுஷர் பேச்சு நின்னுடுச்சு.

இப்போ பி.கு.

எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், நான் முதல்ல சொதப்பின இடமும் இதுதான்.

கையால கடிதம் எழுதின காலத்துல பி.கு.ன்னா மறந்துபோனதைச் சேர்க்கற இடம். கையெழுத்துப் போட்டாச்சு, திரும்ப எழுத முடியாது, அதனால கீழே ஒரு வரி. டைப் பண்ற காலத்துல யாரும் எதையும் மறந்து சேர்க்க வேண்டியதில்லை, ஆனாலும் தபால் கடிதக்காரங்க அதை விடல. காரணம், ஜெர்மனியில ஸீக்ஃப்ரீட் ஃபோகலேன்னு ஒரு பேராசிரியர், மக்கள் கடிதத்தைப் பிரிச்சதும் கண் எங்கெங்க போகுதுன்னு கேமரா வச்சுப் பார்த்தார். மேலேருந்து கீழ வரிசையா யாரும் படிக்கறதில்லை. தன் பேர் எங்க இருக்குன்னு பாக்கறாங்க, யார் கையெழுத்துன்னு பாக்கறாங்க, கையெழுத்துக்குக் கீழே கண் நிக்குது. அங்க பி.கு. இருந்தா அதைப் படிச்சுட்டு, அப்புறம்தான் மேல போலாமா வேண்டாமான்னு முடிவு.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. அறிமுகமில்லாத கவர்லேருந்து கடிதம் வந்தா முதல்ல "யார்கிட்டேருந்து?"ன்னுதானே பாப்பீங்க?

அப்படின்னா பி.கு. நமக்குக் கடைசி வரி, படிக்கிறவருக்கு முதல் வரி. அவருக்குச் செல்வம் யாருன்னு அப்போ தெரியாது. இது தெரிஞ்சும் நான் எழுதின முதல் பி.கு. என்ன தெரியுமா?

"பி.கு: அடுத்த வெள்ளிக்கிழமையும் செல்வம் 5.10 பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்."

எனக்கு அப்படியே புல்லரிச்சுது. முதல் வரியோட போய்ச் சேருது பாருங்க, சினிமா மாதிரி! அன்னைக்கு என் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். கடிதத்தை மடிச்சு, பி.கு. மட்டும் தெரியற மாதிரி அவர்கிட்ட கொடுத்து, "மாமா, இதுல யாருக்கு, என்ன வேணும், எப்போன்னு சொல்லுங்க"ன்னேன். கண்ணாடியைப் போட்டுட்டுப் படிச்சார். "யாரோ பஸ்ஸுக்கு நிக்கறார். போய்க் கூட்டிட்டு வரணுமா?"ன்னார்.

அவர் சொன்னது நியாயம். முழுக்கடிதத்தையும் படிச்சவருக்குத்தான் அது அழகா இருக்கும். பி.கு. பெரும்பாலும் படிக்காதவருக்கு. முதல் வரி செஞ்ச வேலையையே அது திரும்பவும் செய்யுது, அதுவும் பாதிதான் செய்யுது.

டீச்சரோ 80ஜி-யை அங்கேயே வைக்கணும்னு நின்னாங்க. "ரிட்டயர் ஆனவங்க கணக்கு பாத்துத்தான் கொடுப்பாங்க." அதுல உண்மை இருக்கு. ஆனா வரிச்சலுகை யாருக்கும் கொடுக்கணும்ங்கற எண்ணத்தை உண்டாக்காது. கொடுக்கறதா முடிவு பண்ணினவருக்குத்தான் அது உதவும். தவிர, புது வரிமுறையில இருக்கறவங்களுக்கு 80ஜி கழிவு கிடையாது, பழைய முறைக்கு மட்டும்தான். ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா அதுக்கும் கிடையாது. இவ்வளவு நிபந்தனையை பி.கு.வுல எழுதினா அது சட்டப் புத்தகம் மாதிரி ஆயிடும். அதனால டிக் பண்ற படிவத்துல, தொகைக்குக் கீழே வச்சோம். அங்கதான் அதைத் தேடுவாங்க.

கடைசியா அச்சுக்குப் போன பி.கு.:

"பி.கு: டயாலிசிஸுக்கு வந்துபோகும் 14 பேரில் 11 பேரின் ஜூலை மாத பஸ் செலவு எங்கள் கையில் இருக்கிறது. மூன்று பேருக்கு இல்லை. ஒருவருக்கு ஒரு மாதம் ₹1,600. ஜூன் 28-க்குள் வந்தால், ஜூலை 1 அன்று அவர்களிடம் கொடுத்துவிடுவோம்."

இதை மட்டும் மாமனார்கிட்ட கொடுத்தேன். "மூணு பேருக்குப் பஸ் காசு, ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு, இருபத்தெட்டாம் தேதிக்குள்ள"ன்னார். அவ்வளவுதான் வேணும்.

அந்த ஜூன் 28 பத்தி ஒண்ணு. அது நிஜமான தேதி. மாசம் முதல் தேதி பணம் கொடுக்கறாங்க, அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி கணக்கு முடிக்கணும். சும்மா "சீக்கிரம்! இன்னும் மூணே நாள்!"னு போட்டா, அடுத்த மாசமும் அதையேதான் போடணும், அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க. பி.கு.வுல தேதி வைக்கறதுன்னா அதுக்குப் பின்னாடி காரணம் இருக்கணும், காரணமும் பக்கத்துலயே தெரியணும்.

அதேபோல "செல்வம் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்" மாதிரி வரிகளை நான் எழுதவே இல்லை. அவருக்கு இந்தக் கடிதம் போறது தெரியும், அவர்கிட்ட கேட்டுத்தான் எழுதினோம், பேர் மாத்தப்பட்டிருக்குன்னு கடிதத்துலயே சொன்னோம். ஆனா உங்களுக்காக வாசல்லயே உக்காந்திருக்கார்னு சொல்றது பொய்.

சரி, அனுப்பினோம். எப்படி அனுப்பினோம்ங்கறதுல டீச்சருக்குக் கடைசி வரைக்கும் வருத்தம்தான். 640 பேர்ல பாதிப் பேருக்குப் பழைய கடிதம், பாதிப் பேருக்குப் புதுசு. "புதுசு நல்லாருக்குன்னா எல்லாருக்கும் அதையே அனுப்ப வேண்டியதுதானே?" நான் சொன்னது: இந்த வருஷம் ஊர்ல மழை, பண்டிகை, தேர்தல்னு என்ன நடக்குமோ தெரியாது. எல்லாருக்கும் புதுசு அனுப்பி முப்பது பேர் கொடுத்தா, கடிதத்தால கொடுத்தாங்களா வேற எதாலயோ கொடுத்தாங்களான்னு சொல்லவே முடியாது. பட்டியல்ல ஒற்றைப்படை எண்ணுக்குப் பழசு, இரட்டைப்படைக்குப் புதுசு. முதல் 320, அடுத்த 320-ன்னு பிரிக்கக் கூடாது. நோட்டுல முதல்ல இருக்கறவங்கதான் பழைய ஆளுங்க, அவங்க எந்தக் கடிதத்துக்கும் கொடுப்பாங்க. ரெண்டு படிவத்துக்கும் மூலையில வேற வேற புள்ளி வச்சு, எது எந்தக் கடிதம்னு கண்டுபிடிச்சோம். யுபிஐ-ல வந்ததைப் பேரை வச்சுப் பட்டியலோட பொருத்தினோம்.

பழைய கடிதத்துக்கு 4 பேர் கொடுத்தாங்க, மொத்தம் 3,000 ரூபாய். அச்சு, கவர், ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்து ஒரு கடிதத்துக்கு 12 ரூபாய் ஆச்சு, அதாவது 320 கடிதத்துக்கு 3,840. கைக்காசு போச்சு. புதுசுக்கு 17 பேர், 24,800 ரூபாய். அதுல 10 பேர் சரியா 1,600 கொடுத்திருந்தாங்க. மூணு பேருக்கும் அஞ்சு மாசம் ஓடும், மேல கொஞ்சம் மிச்சம்.

இப்போ என்னோட உற்சாகத்தை நானே கொஞ்சம் குறைச்சுக்கறேன். முதல் வரியாலயா, 1,600ங்கற கணக்காலயா, பி.கு.வாலயா, எதால வந்துச்சுன்னு இந்தச் சோதனை சொல்லாது, ஏன்னா மூணையும் ஒண்ணா மாத்தினோம். தனித்தனியா சோதிக்கணும்னா பட்டியல் பல மடங்கு பெருசா இருக்கணும். 10 பேர் அச்சு அசலா 1,600 கொடுத்ததைப் பார்த்தா, ஆஃபர்தான் பெரும்பாதி வேலையைச் செஞ்சிருக்கும்னு என் ஊகம். எட் மேயர்ங்கற பழைய தபால் விளம்பரக்காரர் சொன்ன ஒரு கணக்கு உண்டு: வெற்றியில நாற்பது பங்கு யாருக்கு அனுப்பறோம்ங்கறதுல, நாற்பது பங்கு ஆஃபர்ல, எழுத்து அலங்காரம் எல்லாம் சேர்ந்து இருபது. அது தோராயமான பேச்சுதான். ஆனா எங்க 640 பேரும் ஏற்கெனவே ஒரு தடவையாவது கொடுத்தவங்க. இதே கடிதத்தை முன்பின் தெரியாதவங்களுக்கு அனுப்பியிருந்தா இந்தக் கதையை உங்ககிட்ட சொல்லிட்டு இருக்க மாட்டேன்னு நினைக்கறேன்.

புதுக் கடிதத்துல டீச்சர் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம், "தன்னலமற்ற சேவை". அதை எடுத்தாச்சுன்னதும் முகம் வாடிப்போச்சு. படிவத்தோட பின்பக்கத்துல, பதிவு எண்ணுக்கு மேல, சின்ன எழுத்துல திரும்ப வச்சோம்.

ஜூலை ரெண்டாம் வாரம் டீச்சர் போன் பண்ணினாங்க. பழைய நன்கொடையாளர் ஒருத்தர், எண்பது வயசு இருக்கும், நேர்லயே வந்து 800 ரூபாய் கொடுத்துட்டு, "அந்த அஞ்சு பத்து பஸ்ஸு இப்பவும் நேரத்துக்கு வருதா?"ன்னு கேட்டாராம். அவருக்குப் போனது புதுக் கடிதமா பழசான்னு உடனே பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். "எல்லாத்துக்கும் கணக்கா பாப்பே நீ?"ன்னு டீச்சர் திட்டினாங்க. பார்த்தாங்க. இரட்டைப்படை.